மருமகளுக்கு மரக்கறி வாங்கப்போன மீன்காரி

மரக்கறி என்பது மீனுக்கு எடுபிடி வேலை செய்யப் பிறந்தது என்றுதான் போன வருடம் வரைக்கும் நான் நம்பியிருந்தேன். முருங்கைக்காய் நண்டோடு கூடப் போவதற்கு. கத்தரிக்காய் கருவாட்டின் உப்பை இழுப்பதற்கு. மாங்காய் மீன்சொதிக்குப் புளிப்பைக் கொடுத்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிக்கொள்வதற்கு. ஒரு மரக்கறி தனியாக வந்து சோற்றுக்குப் பக்கத்தில் உட்காரும், அதை ஒரு மனிசர் விரும்பியும் சாப்பிடுவார் என்று யாராவது சொல்லியிருந்தால், பாவம், மீன் வாங்க வழியில்லாத வீடாக்கும் என்று நினைத்திருப்பேன்.

என்னைச் சொல்லியும் குற்றமில்லை. என் பெயர் பிலோமினம்மா. ஊர்காவற்றுறைச் சந்தையில் மீன் விற்கிறவள். என் மனுசன் லியோன் கடலுக்குப் போகிறவர். வீட்டில் சட்டி, அகப்பை, அருவாள், ஏன் தலையணை உறைகூட மீன் மணக்கும். எங்கள் மூக்குக்கு அது தெரிவதில்லை. வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும், சொல்வதற்கு அவர்களுக்குக் கூச்சம்.

இப்படிப்பட்ட வீட்டுக்குத்தான் என் ஒரே மகன் றஜீபன் கம்சிகாவைக் கட்டிக்கொண்டு வந்தான். புளியங்கூடல் பிள்ளை. சைவக் குடும்பம். இரண்டு பக்கமும் முகத்தைத் தூக்கிவைத்திருந்து, பிறகு மெல்ல இறக்கி, பதிவுத் திருமணமாக முடிந்தது. அவள் கோயிலுக்கு அவள் போவாள், எங்கள் கோயிலுக்கு நாங்கள் போவோம். அதெல்லாம் ஒழுங்காகப் பேசி முடித்துவிட்டோம். சாப்பாட்டைப் பற்றி மட்டும் ஒருவரும் பேசவில்லை. கூட்டி வருவதற்கு முதல் நாள்தான் றஜீபன் சொன்னான்.

"அம்மா, கம்சி மச்சம் ஒண்டும் சாப்பிடமாட்டா."

"அது தெரியும்தானே. சைவம்தானே."

"அது மட்டுமில்லை. கடும் ருசி, கடும் மணம் அவவுக்கு ஒத்துவராது. உறைப்பு, உள்ளி, பெருங்காயம், பாகற்காய் எல்லாம் வேண்டாம். அதுக்காக ஒரே சாப்பாட்டை ஒவ்வொரு நாளும் குடுத்தாலும் சாப்பாட்டைக் கைவிட்டுடுவா. மாத்தி மாத்தி வேணும்."

நான் சிரித்தேன். "இவ்வளவுதானே" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்காக என் வாயில் நானே பிறகு பலமுறை அடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

முதல் கிழமை நான் செய்த கெட்டித்தனத்தைக் கேளுங்கள். காரமில்லாதது என்ன என்று யோசித்தேன். உருளைக்கிழங்கு, பருப்பு. ஒரு பை நிறையக் கிழங்கும் பருப்பும் வாங்கி வந்தேன். முதல் நாள் கிழங்குப் பால்கறியும் பருப்பும். அடுத்த நாள் கிழங்குப் பிரட்டலும் பருப்பும். அதற்கடுத்த நாள் கிழங்கை மசித்து வைத்தேன், பருப்பைத் தண்ணீராக்கினேன். மாத்திச் சமைத்ததாகவே நினைத்துக்கொண்டேன். கம்சிகா ஒவ்வொரு நாளும் நாலு வாய் சாப்பிட்டுவிட்டு, "போதும் மாமி" என்பாள். நல்ல வளர்ப்பு, அடக்கமாகச் சாப்பிடுகிற பிள்ளை என்று பக்கத்து வீட்டில்கூடப் பெருமையடித்தேன்.

பிறகு முட்டை பொரித்து வைத்தேன். அவள் கோப்பையை மெல்லத் தள்ளிவைத்தாள். அன்றைக்கு குசினிக்குள் எனக்கும் லியோனுக்கும் ஒரு வழக்கே நடந்தது.

"முட்டை மச்சமோ மரக்கறியோ?" என்று கேட்டேன்.

"முள்ளில்லைத்தானே" என்றார் அவர். அவர் கணக்கில் முள் உள்ளதுதான் மச்சம்.

"கோழிக்கும் முள்ளில்லை."

"கோழி நடக்கும். முட்டை நடக்காது."

இப்படிப்பட்ட இரண்டு அறிவாளிகளின் கையில்தான் அந்தப் பிள்ளை அகப்பட்டிருந்தாள். அடுத்த நாள் தேங்காய்ச் சம்பல் இடித்துக் கொடுத்தேன். அவள் ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துவிட்டு, "மாமி, இதுக்குள்ளை மாசி போட்டனீங்களோ?" என்று கேட்டாள். போட்டிருந்தேன். மாசியும் ஒரு மீன்தான் என்பது அந்த நிமிடம் வரைக்கும் எனக்கு ஞாபகமே வரவில்லை. எங்களுக்கு மாசி உப்பு மாதிரி. காலம் முழுக்க மீன் விற்று வயிறு வளர்த்தவள், மாசியை மீன் கணக்கில் சேர்க்க மறந்தேன்.

அந்தக் கிழமை முடிவில்தான் கிணற்றடியில் நின்று றஜீபன் போனில் கதைப்பது காதில் விழுந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு அறை வாடகைக்கு இருக்கிறதாம். அவன் வேலை செய்வது அங்கே ஒரு போன் திருத்துகிற கடையில். "பஸ்ஸிலை போய்வாறது கரைச்சல்" என்று சொன்னான். இவ்வளவு காலமும் அந்தப் பஸ்ஸிலேதான் போய்வந்தான், ஒரு நாளும் கரைச்சல் என்று சொன்னதில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அவ இஞ்சை ஒழுங்காச் சாப்பிடுறாவும் இல்லை" என்றான்.

ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அவர்கள் போய்விடக் கூடாது என்று எனக்கு உயிர் போகிற ஆசை. லியோன் இருட்டோடு கடலுக்குப் போய்விடுவார், வந்தால் தூங்குவார். நான் சந்தையால் வந்து சுவரோடு கதைக்க வேண்டும். கம்சிகா வந்த பிறகு பின்னேரங்களில் ஒரு பிள்ளைக் குரல் கேட்கிறது. தான் படிப்பிக்கிற பாலர் பாடசாலையில் இன்றைக்கு எந்தக் குழந்தை யாரைக் கடித்தது என்று சொல்லுவாள். இரண்டு பேரும் சிரிப்போம். அதை ஒரு கிழங்குச் சட்டியில் நான் தொலைக்கப் பார்த்தேன்.

சரி, இனி விளையாட்டில்லை, பிள்ளைக்கு ஒரு முறையான சைவச் சாப்பாடு சமைத்துக் காட்டுவேன் என்று தீர்மானித்தேன். முறையான சைவச் சாப்பாடு எப்படியிருக்கும்? நயினாதீவில் ஒருமுறை அன்னதானம் சாப்பிட்டிருக்கிறேன். ஆனால் அந்தக் கூட்டத்தில் என்ன சாப்பிட்டேன் என்பதைவிட யார் என் காலை மிதித்தார் என்பதுதான் ஞாபகம். மனதில் அப்படியே நின்றது புளியங்கூடலில் சாப்பிட்ட ஒரு மத்தியானச் சாப்பாடு. கலியாணத்துக்கு முதல் வருடம் றஜீபன் கூட்டிப்போனான். வாழையிலையில் பாகற்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், பயற்றங்காய், பூசணிக்காய், கத்தரிக்காய், அகத்திக்கீரை, மிளகு ரசம், மோர்மிளகாய், வடை, பாயாசம். நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, மூன்றாம் தரம் கேட்க வெட்கப்பட்டு எழுந்தேன்.

ஞாயிறு பூசை முடிந்ததும் நேரே சந்தைக்குப் போனேன். எனக்கு இரண்டு தட்டுத் தள்ளி மரக்கறி விற்கிற சரோஜினிதேவியிடம் அந்த மரக்கறிகளை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லி வாங்கினேன். பாகற்காய் வேண்டாம் என்று றஜீபன் சொன்னது அந்த வேகத்தில் எனக்கு மறந்தே போயிருந்தது. அவள் சாமான்களை எடுத்துப் போட்டபடி என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள்.

"பிலோமினக்கா, ஆர் வீட்டுக்கு?"

"என்ர மருமோளுக்கடி. சைவச் சமையல்."

"ஓ" என்றாள். அவள் கேட்க நினைத்ததைக் கேட்கவில்லை. நானும் அந்த "ஓ"வில் என் கெட்டித்தனத்துக்கு ஒரு மெச்சுதல் இருப்பதாகவே எடுத்துக்கொண்டேன்.

புதுச் சட்டியும் வாங்கினேன். மீன் சட்டியில் அவளுக்குச் சமைக்கக் கூடாது என்ற புத்தி அதற்குள் வந்திருந்தது. மத்தியானம் வரைக்கும் நின்று சமைத்தேன். வாழையிலை விரித்து, ஒவ்வொன்றாக வைத்து, மணவறையில் உட்கார்த்துவதுபோல் அவளை உட்காரவைத்தேன்.

கம்சிகா இலையைப் பார்த்தாள். பாகற்காயைப் பார்த்தாள், அகத்திக்கீரையைப் பார்த்தாள், வடையைப் பார்த்தாள். கண் நிறைந்துவிட்டது. சந்தோசத்தில் அழுகிறாள் என்று நினைத்து நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னைப்போல் ஒரு மடைச்சி இந்தத் தீவிலேயே இருக்கமாட்டாள்.

"மாமி," என்றாள். "இது அப்பாவின்ர அந்தியேட்டிச் சாப்பாடு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புளியங்கூடலில் நான் இரண்டு தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அவளுடைய அப்பா சிவபாதம் செத்த முப்பத்தோராம் நாள் சாப்பாடு. "சிநேகிதப் பிள்ளையின்ர தகப்பன்" என்று சொல்லித்தான் றஜீபன் கூட்டிப்போனான். எந்தச் சிநேகிதம் என்று பிறகு தெரிந்தது. ஆனால் என் மண்டைக்குள் சாப்பாடு ஒரு பக்கமும் சாவீடு இன்னொரு பக்கமும் கிடந்தன, இரண்டையும் முடிச்சுப்போட எனக்குத் தோன்றவில்லை. கலியாணமாகி வந்த பெண்ணுக்கு, அவள் தகப்பனின் செத்த வீட்டுச் சாப்பாட்டை ஒரு கறி குறையாமல் சமைத்து வைத்திருந்தேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். மூடினால் நான் பிலோமினம்மா இல்லையே. "அண்டைக்கு நான் ரெண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டனான் பிள்ளை. அந்த ருசி வேறை எங்கையும் காணேல்லை. அதுதான்..." என்று இழுத்தேன்.

"அம்மா, உங்களுக்கென்ன விசரோ?" என்று றஜீபன் கத்தினான்.

கம்சிகா அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். "நான் அண்டைக்கும் ஒண்டும் சாப்பிடேல்லை மாமி" என்றாள். "அழுததாலை இல்லை. சின்னனிலை இருந்தே எனக்கு இந்தப் பாகற்காய், பெருங்காய மணம் எல்லாம் ஏலாது. எங்கட அம்மாவும் எனக்குத் தனியத்தான் சமைக்கிறவ. அப்பாதான் சந்தைக்குப் போய் எனக்கெண்டு பார்த்து வாங்கிக்கொண்டு வாறவர்." பிறகு பாயாசத்தை மட்டும் குடித்துவிட்டு அறைக்குள் போனாள். நான் அந்த இலையின் முன்னால் இருந்து எல்லாவற்றையும் நானே சாப்பிட்டேன். நன்றாகத்தான் இருந்தது, அதுதான் எனக்குக் கூடக் கோபத்தைத் தந்தது.

அடுத்த நாள் சந்தையில் என் முகத்தைப் பார்த்து மீனே பயந்திருக்கும். வாடிக்கைக்காரி இராசமணியக்கா வந்தார். அவருடைய மனுசன் ஒப்பரேசன் முடிந்து வீட்டுக்கு வந்திருக்கிறாராம்.

"பிலோமினா, மீன் வெடுக்கு மணமெண்டால் மனுசன் ஓங்காளிக்குது. அதுக்காக ஒரே மீனைக் குடுத்தாலும் முகத்தைத் திருப்புது. என்னடி செய்யிறது?"

நான் யோசிக்கவே இல்லை. வாய் தன்பாட்டில் ஓடியது. "சூடை, சூரை, திருக்கைப் பக்கம் போகாதேங்கோ. இண்டைக்குக் கிழக்கன் கொண்டுபோங்கோ, சதை பூ மாதிரி. நாளைக்கு இறால், அது கடிபடும். மற்ற நாள் விளைமீன் துண்டு, அது இறுக்கம். பிறகு சின்னக் கணவாய். மணம் எல்லாம் மெல்லிசு, ஆனால் வாய்க்கு ஒவ்வொரு நாளும் வேறை வேறை. மஞ்சளும் தேங்காய்ப்பாலும் போதும், கறித்தூள் போடாதேங்கோ."

அவர் கிழக்கனை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் அருவாளைக் கையில் பிடித்தபடி நின்றேன். நோயாளி வீட்டுக்கு, பிள்ளை பெற்ற வீட்டுக்கு, பல்லில்லாத கிழவருக்கு என்று நான் காலம் காலமாகச் சொல்லிக்கொடுப்பது இதைத்தானே? மணத்தில் மெல்லியதாகப் பார்த்துச் சேர்க்க வேண்டும், சதையில் வித்தியாசமாகப் பார்த்து மாற்ற வேண்டும். ஊருக்கெல்லாம் வழி சொன்னவள், சொந்த வீட்டில் கிழங்கை மூன்று விதமாக வேகவைத்துவிட்டு மாற்றிச் சமைத்தேன் என்று பீற்றினேன். சரோஜினிதேவி பார்க்காத நேரமாகப் பார்த்து என் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டேன். மீன் கையென்பதால் செதில் ஒட்டிக்கொண்டது.

சனிக்கிழமை கம்சிகாவைக் கூட்டிக்கொண்டு சந்தைக்குப் போனேன். தீவில் மரக்கறி குறைவு, தண்ணீர் உவர். பெரும்பாலானது யாழ்ப்பாணப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து விடியத்தான் வந்து இறங்கும். நான் இவ்வளவு நாளும் மீனை நினைத்துக்கொண்டு, வெயிலேறினால் விலை இறங்கும் என்று மத்தியானம் போய் வாடினதை அள்ளி வந்திருந்தேன். அன்றைக்கு விடியவே போனோம்.

பழக்க தோசத்தில் நான் ஒரு பூசணிக்காய்த் துண்டைத் தூக்கி மணந்து பார்த்தேன்.

"பிலோமினக்கா, அதுக்குச் செவுள் இல்லை" என்றாள் சரோஜினிதேவி.

கம்சிகா வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு அவளும் ஒவ்வொன்றாக எடுத்து மணந்து பார்க்கத் தொடங்கினாள். முள்ளங்கியை மூக்குக்குக் கொண்டுபோய் உடனே கீழே வைத்தாள். லீக்ஸையும் அப்படியே. கோவாவை, அதுதான் முட்டைக்கோசை, பார்த்து, "கனக்க அவிச்சால் மணக்கும், தேங்காய்ப்பூ போட்டு டக்கெண்டு சுண்டி எடுத்தால் சாப்பிடுவன்" என்றாள்.

"அப்ப உமக்கு ருசியே இல்லாத சாப்பாடோ பிள்ளை வேணும்?" என்று கேட்டேன். இந்தக் கேள்வியை முதல் நாளே கேட்டிருக்கலாம்.

"இல்லை மாமி. ருசி வேணும். ஆனால் அது கத்தப்படாது."

எங்கள் வீட்டில் சாப்பாடு மட்டுமா, எல்லாமே கத்தும். ஆனாலும் விளங்கியது. நான் மீனைப் பிரிப்பதுபோல் மரக்கறியைப் பிரித்தேன். மெத்தென்று கரைவது ஒன்று: பூசணி, அல்லது உருளைக்கிழங்கு. தண்ணீர்க் காய் ஒன்று: புடலங்காய், பீர்க்கங்காய், சுரைக்காய். கடிபடுவது ஒன்று: போஞ்சி, பயற்றங்காய், கரட். இலையில் பசளி, அது மணக்காது, ஆனால் நாளைக்கு வைத்திருக்க ஏலாது, முதலில் சமைக்க வேண்டும். வயிற்றில் நிற்பதற்குப் பருப்பு, பயறு, கடலை, அதோடு சோயா. ஒரே இனத்தில் நாலு வாங்காமல் ஒவ்வொரு இனத்திலும் ஒன்று. அடுத்த முறை வரும்போது அந்தந்த இனத்தில் வேறு ஒன்று.

"புடலங்காயும் பீர்க்கங்காயும் ரெண்டும் வேண்டாம் மாமி. ரெண்டும் ஒரே மாதிரித்தான் அவியும்" என்று ஒன்றை எடுத்து வெளியே வைத்தாள் கம்சிகா. விளைமீனும் வாங்கி அதே மாதிரி இன்னொரு மீனும் வாங்குகிறவர்களைப் பார்த்து நான் சொல்கிற அதே பேச்சு. என் தொழிலை என் மருமகள் என்னிடமே நடத்துகிறாள் என்று ஒரு பெருமை வந்தது.

"தயிர் வாங்குவமோ?" என்றேன்.

"ஓம், ஆனால் புளிச்சது வேண்டாம்."

கறித்தூளை நான் தொடவில்லை. எங்கள் வீட்டுத் தூள் மல்லி, மிளகாய், மிளகு எல்லாம் கறுக்க வறுத்து இடித்தது. அதன் மூடியைத் திறந்தால் பக்கத்து வீட்டு நாய் தும்மும். அதை லியோனுக்கும் எனக்கும் என்று தூர வைத்துவிட்டு, அவளுக்கு மஞ்சள், சின்னச் சீரகம் கொஞ்சம், கருவேப்பிலை, தேங்காய்ப்பால், கீறாமல் முழுதாகப் போட்டு எடுக்கிற ஒரு பச்சைமிளகாய் என்று முடிவெடுத்தோம்.

உடனே எல்லாம் சரிவந்துவிட்டது என்று சொன்னால் நீங்களே நம்பமாட்டீர்கள். காளான் வாங்கினேன், அவளுக்குப் பிடித்தது, லியோன் அதைக் கணவாய் என்று நினைத்து முக்கால்வாசியும் தின்றுவிட்டார். பயறு அவித்தால் போதும் என்றவளுக்குப் பாசத்தில் உள்ளி தட்டிப்போட்டுத் தாளித்தேன், அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். மீன் அரிகிற பலகையில் மறந்துபோய் கரட் அரிந்து, முழுவதையும் கோழிக்குக் கொட்டினேன். கோழிக்கு மச்சமும் மரக்கறியும் ஒன்றுதான்.

ஆனாலும் ஒரு நாள் மத்தியானம் பூசணிப் பால்கறி, போஞ்சி வறை, பசளி போட்ட பருப்பு என்று வைத்தபோது, கம்சிகா சாப்பிட்டு முடித்துவிட்டுக் கோப்பையை நீட்டி, "இன்னும் கொஞ்சம் போடுங்கோ மாமி" என்றாள். நான் அகப்பையைத் தேடினேன், அது என் கையில்தான் இருந்தது.

அந்தக் கிழமையே றஜீபன் வேலையால் வந்து, குசினி வாசலில் நின்றான். கம்சிகா பயற்றங்காய் அரிந்துகொண்டிருந்தாள். நான் அடுப்படியில்.

"அந்த அறைக்காரர் நாளைக்கு முடிவு கேக்கினம்" என்றான். என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்துத்தான் சொன்னான்.

போங்கள் என்று சொல்வதுதான் பெரிய மனிசத்தனம் என்று தெரியும். எதற்கெடுத்தாலும் முந்துகிற வாய் அன்றைக்கென்று ஒட்டிக்கொண்டது.

கம்சிகா பயற்றங்காயிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அங்கை போனால் எனக்கு ஆர் சந்தைக்குப் போறது?" என்று கேட்டாள்.

"ஏன், நான் போறன்."

"நீங்களோ? உங்களுக்குப் புடலங்காய்க்கும் பீர்க்கங்காய்க்கும் வித்தியாசம் தெரியாது. வேண்டாம் எண்டு சொல்லுங்கோ அவையளுக்கு."

றஜீபன் என்னைத் திரும்பிப் பார்த்தான். என் கண்ணை அவன் பார்க்கக் கூடாது என்று நான் குனிந்து அடுப்பை ஊதினேன். ஊது ஊதென்று ஊதினேன். அது காஸ் அடுப்பு.